சிக்னல் புகையும் மூச்சுக்குழாயும்: மதுரை ஓட்டுநர்களும் தெருவோர வியாபாரிகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கறுப்புப் புகை விடும் லாரிக்குப் பின்னால் நின்றால் இருமல் வருகிறது. புகையே தெரியாத புது பஸ்ஸுக்குப் பின்னால் நின்றாலும் கண் எரிகிறது. இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. கறுப்பாகத் தெரிவது புகைக்கரி, அதாவது டீசல் முழுதாக எரியாமல் மிஞ்சிய கரித்துகள். இத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் ஐந்நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தச் சிறு கரியின் மேல் எரியாத எண்ணெயும், புற்றுநோயைத் தூண்டக்கூடிய கரிமச் சேர்மங்களும், எஞ்சின் தேய்மானத்தில் வந்த உலோகமும் படிந்திருக்கும். ஆகவே கரி என்பது ஒரு சுமைவண்டி. தீங்கில் பெரும்பங்கு அது ஏற்றிவரும் சரக்கால் நேர்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ஆம் ஆண்டு டீசல் புகையை மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் தருபவற்றின் பட்டியலில் சேர்த்தது.

கண் எரிச்சலுக்குப் பெரும்பாலும் ஆல்டிஹைடுகள் எனப்படும் ஆவிகளே காரணம். அவை ஈரத்தில் உடனே கரைவதால் கண்ணிலும் மூக்கிலும் பட்டவுடன் நமக்குத் தெரிந்துவிடும். நைட்ரஜன் டை ஆக்சைடு இதற்கு நேர்மாறானது. தண்ணீரில் மெதுவாகவே கரையும் வாயு என்பதால் மூக்கிலும் தொண்டையிலும் முழுதாகத் தங்காமல் மூச்சுக்குழாயின் கடைசிக் கிளைகள்வரை இறங்கிவிடும். தெருவில் இருக்கும் அளவில் அதன் நெடியையோ நிறத்தையோ பெரும்பாலோரால் உணரவே முடியாது. கண் எரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். இந்த வாயு அந்த எச்சரிக்கையைத் தருவதில்லை.

புது வண்டியில் புகை தெரியாததற்கு, 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி பொருத்தப்படும் கரி வடிகட்டி காரணம். அது கரியை நன்றாகவே பிடிக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களைக் குறைப்பதற்குப் பெரிய வண்டிகளில் யூரியாக் கரைசல் ஊற்றும் தனி அமைப்பு உண்டு. ஆனால் சைலன்சர் பக்கம் போதிய சூடு ஏறினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். சிம்மக்கல்லிலிருந்து கோரிப்பாளையம்வரை அடிமேல் அடி வைத்து நகரும் பஸ்ஸில் அந்தச் சூடு எளிதில் ஏறுவதில்லை. ஆகவே புகை தெரியவில்லை என்பதை வைத்து வாயுவும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

காலையில் மூக்கைச் சிந்தினாலும் காறித் துப்பினாலும் கறுப்பாக வருகிறது. நுரையீரலே கறுத்துவிட்டதா?

வெளியே வந்த கறுப்பு, உடல் பிடித்துத் தள்ளிய கறுப்பு. மூக்கின் சளியும், மூச்சுக்குழாயின் உட்சுவரில் துடைப்பம் போல ஓயாமல் அசையும் நுண்மயிர்களும் சேர்ந்து பெரிய துகள்களை மேலே தள்ளி அனுப்பிவிடுகின்றன. கவலைப்பட வேண்டியது வெளியே வராத சிறு துகள்களைப் பற்றித்தான். அவற்றைக் காற்றறைகளில் இருக்கும் விழுங்கணுக்கள் விழுங்கி மாதக்கணக்கில் வைத்துக்கொள்கின்றன. எனவே சளியின் நிறத்தைப் பார்த்து உள்ளே ஏற்பட்ட பாதிப்பை அளக்க முடியாது. சளியில் இரத்தம் கலந்து வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஊதிப் பார்க்கும் சோதனையும் நார்மல் என்கிறார்கள். பிறகு ஏன் இரவு இரண்டு மணிக்கு இருமி எழுந்து உட்காருகிறேன்?

எக்ஸ்ரே நுரையீரலின் சதையில் நிழல் விழுந்தால் காட்டும்; குழாயின் உட்சுவர் வீங்கியிருப்பது அதில் தெரியாது. ஸ்பைரோமெட்ரி எனப்படும் ஊதும் சோதனை குழாய் சுருங்கியிருந்தால் காட்டும். ஆனால் அந்தச் சுருக்கம் நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. காலை பத்து மணிக்கு, ஓய்வெடுத்துவிட்டு வந்து ஊதியவருக்கு நார்மல் என்று வருவதில் வியப்பில்லை.

சுவீடனில் 1990களின் இறுதியில் நடந்த ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. நலமாக இருந்த இளைஞர்களை ஒரு மூடிய அறைக்குள் வைத்து ஒரு மணி நேரம் நீர்த்த டீசல் புகையைச் சுவாசிக்கச் செய்தார்கள். ஊதும் சோதனையில் மாற்றம் எதுவும் இல்லை. ஆறு மணி நேரம் கழித்துக் குழாய்க்குள் கருவி விட்டுத் திசுவை எடுத்துப் பார்த்தபோது அழற்சி அணுக்கள் கூட்டமாக வந்து சேர்ந்திருந்தன. மாலை ஏழு மணிப் புகைக்கு நடு இரவில் இருமல் வருவதைப் புரிந்துகொள்ள இந்த ஆறு மணி நேரக் கணக்கு உதவும்.

ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஊதும் சோதனையிலேயே வித்தியாசம் தெரியும். லண்டனில் அப்போது டீசல் பஸ்களும் டாக்சிகளும் மட்டுமே ஓடிய ஆக்ஸ்ஃபோர்டு தெருவில், லேசான அல்லது நடுத்தர ஆஸ்துமா உள்ள 60 பேரை இரண்டு மணி நேரம் நடக்கவிட்டார்கள். வேறொரு நாள் பக்கத்துப் பூங்காவில் அவர்களையே நடக்கவிட்டார்கள். முதல் ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்று, தெருவில் நடந்த நாளில் 6.1 விழுக்காடுவரை குறைந்தது. பூங்காவில் குறைந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. 2007இல் வெளியான இந்த ஆய்வில் என் கவனத்தில் நின்றது வேறொன்று. குழாய் சுருங்கியபோதும் அவர்களில் பலருக்குத் தொல்லை எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. தொல்லை தெரியவில்லை என்பதால் சுருக்கம் இல்லை என்று ஆகிவிடாது.

என் இருமலுக்கு ரோட்டுப் புகைதான் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுப் பார்த்தேன், குறையவில்லையே.

ஒரு நாள் விடுப்பு பெரும்பாலும் ஏமாற்றிவிடும். வீங்கிய குழாய் பழைய நிலைக்குத் திரும்ப மூன்று நான்கு நாட்கள், சிலருக்கு அதற்கும் மேலே பிடிக்கும். ஆகவே வேலை நாட்களையும் நீண்ட விடுப்பையும் அருகருகே வைத்து அளந்து பார்க்க வேண்டும். இதற்கு பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு பிளாஸ்டிக் குழல் போதும், மின்சாரம் தேவையில்லை. நின்றுகொண்டு, முள்ளைச் சுழியத்துக்கு இறக்கி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, உதடுகளால் வாய்ப்பகுதியை இறுக மூடி, மெழுகுவர்த்தியை ஒரே ஊதில் அணைப்பதுபோல வேகமாக ஊத வேண்டும். விரல் முள்ளைத் தடுக்கக் கூடாது. மூன்று முறை ஊதி, அதிகமாக வந்த எண்ணை மட்டும் எழுத வேண்டும். எழுந்தவுடன், வேலைக்குப் புறப்படும் முன், வேலையின் நடுவில், படுக்கும் முன் என நாளுக்கு நான்கு வேளை, இடையில் நீண்ட விடுப்பு வரும்படி மூன்று நான்கு வாரங்கள் அளந்தால் ஒரு வடிவம் தெரியும்.

ஒரு மாதிரியைப் பார்ப்போம். இதிலுள்ள எண்கள் வழக்கமாகக் காணப்படும் போக்கை ஒட்டி நான் அமைத்தவை. கோரிப்பாளையம் சிக்னலுக்குப் பக்கத்தில் பதினொரு ஆண்டுகளாகத் தள்ளுவண்டியில் பழம் விற்பவர் ஒருவர், வயது 46, பீடி, சிகரெட் பழக்கம் இல்லை. மாலை நான்கு மணி முதல் இரவு பத்து மணிவரை நிற்கிறார். வேலை நாட்களில் அவர் காலையில் ஊதியது நிமிடத்துக்கு 410 லிட்டர். புறப்படும் முன் மூன்று மணிக்கு 430, ஏழு மணிக்கு 370, படுக்கும் முன் 350. அன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி 80. அதை அவ்விரண்டின் சராசரியான 390ஆல் வகுத்தால் 20 விழுக்காட்டுக்குச் சற்று மேலே வருகிறது. பெரியவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் வாரச் சராசரியில் 10 விழுக்காட்டைத் தாண்டினாலே ஆஸ்துமாவை நினைக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோல்.

அவர் ஊர்ப் பொங்கலுக்காக உசிலம்பட்டிப் பக்கம் ஒன்பது நாட்கள் போகிறார். முதல் இரண்டு நாட்களில் பெரிய மாற்றம் இல்லை. எண்கள் 360க்கும் 430க்கும் இடையில்தான் நிற்கின்றன. அந்த இரண்டு நாட்களோடு நிறுத்தியிருந்தால், புகைக்கும் இருமலுக்கும் தொடர்பில்லை என்றே முடிவு செய்திருப்பார். நான்காம் நாளிலிருந்து தாழ்வு 440, உச்சம் 470. ஏற்ற இறக்கம் 7 விழுக்காட்டுக்குள் அடங்குகிறது. திரும்பி வந்து வண்டியருகே நின்ற முதல் நாள் 440இலிருந்து 400க்கு இறங்குகிறது. மூன்றாம் நாள் பழைய 350க்கே வந்துவிடுகிறது. விலகினால் மெதுவாக ஏறி, திரும்பினால் விரைவாக இறங்கும் இந்த வடிவத்தை மருத்துவரிடம் காட்டினால், நார்மல் என்று வந்த ஒற்றைச் சோதனையைவிட அதுவே அதிகம் சொல்லும்.

இப்படி எண்களை எழுதிய தாள் சொல்லாததும் உண்டு. குழாய் சுருங்கியது கரியாலா, நைட்ரஜன் டை ஆக்சைடாலா, கிளம்பும் தெருத்தூசியாலா என்று இது பிரித்துக் காட்டாது, ஏனெனில் சிக்னலில் மூன்றும் ஒன்றாகவே வருகின்றன. சளி, காய்ச்சல் வந்த வாரத்தின் எண்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மூச்சைத் திறக்கும் பம்ப் எடுத்திருந்தால் எடுத்த நேரத்தையும் எழுத வேண்டும். மருத்துவரைப் பார்க்கப் போகும் காலையில் ஒரே மூச்சில் மூன்று வார எண்களையும் எழுதிக்கொண்டு வருபவர்கள் உண்டு. எல்லா நாளும் 400, 400, 400 என்று ஒரே பேனா மையில் இருப்பதைப் பார்த்தவுடன் அது தெரிந்துவிடும். தவறவிட்ட வேளையை வெறுமையாக விட்டுவிடுவதே நல்லது.

நான் மாட்டுத்தாவணிப் பக்கம் வடை போட்டு விற்கிறேன். என் அடுப்புப் புகையா, ரோட்டுப் புகையா என்று எப்படித் தெரியும்?

இரண்டுமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கொதிக்கும் எண்ணெயிலிருந்து நுண்துகளும் கண்ணை எரிக்கும் ஆல்டிஹைடுகளும் கிளம்புகின்றன. கேஸ் அடுப்பில் கரி இல்லாவிட்டாலும், சூடான தீயில் காற்றிலுள்ள நைட்ரஜன் எரிந்து அதே நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகும். விறகும் கரியும் எரித்தால் துகள் பல மடங்கு கூடும். மேலே சொன்ன அளவீட்டை அடுப்பு மூட்டும் முன், மூட்டிய ஒரு மணி நேரம் கழித்து, கடை கட்டியபின் என மூன்று வேளையாக மாற்றிக்கொள்ளுங்கள். வேறொருவர் அடுப்பில் நிற்க, நீங்கள் கல்லாவில் மட்டும் இருக்கும் நாட்களோடு ஒப்பிட்டால் ஓரளவு பிரித்தறியலாம். வீட்டிலும் விறகடுப்பு என்றால் விடுப்பு நாட்களின் எண்கள் ஏறாமல் போகலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செல்போன் ஆப்பில் மதுரைக் காற்று நன்றாக இருப்பதாகக் காட்டுகிறது. அதை நம்பலாமா?

ஊரின் பொதுக் காற்றைப் பற்றி அது சொல்வதை நம்பலாம். நீங்கள் நிற்கும் இடத்தைப் பற்றி அது சொல்லவில்லை. நுண்துகளுக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும் ஆப் காட்டும் காற்றுத்தரக் குறியீட்டில் வருவது 24 மணி நேரச் சராசரி. யாருமில்லாத நள்ளிரவும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். கருவியும் பொதுவாகச் சிக்னல் ஓரத்தில் வைக்கப்படுவதில்லை. நம் நாட்டுக் குறியீடு எட்டு மாசுகளைக் கணக்கில் எடுக்கிறது. புகைக்கரி தனியாக அதில் இல்லை. தில்லியில் 2010ஆம் ஆண்டு ஓடும் ஆட்டோவுக்குள் அளந்து பார்த்த ஆய்வாளர்கள், நுண்துகளின் மொத்த எடை ஊர்க்காற்றைவிட ஒன்றரை மடங்கும், கரி மட்டும் மூன்றரை மடங்குக்கு மேலும் இருந்ததைக் கண்டார்கள். ஆட்டோவுக்குக் கதவில்லை, முன்னால் நிற்கும் வண்டியின் சைலன்சரும் ஓட்டுநரின் முகமும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன.

சட்டம் அனுமதிக்கும் அளவும் இங்கே கவனிக்கத்தக்கது. ஒரு நாள் சராசரியாக நைட்ரஜன் டை ஆக்சைடு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம்வரை இருக்கலாம் என்பது 2009ஆம் ஆண்டின் இந்தியத் தரம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 25.

வண்டியை ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போட்டால் போதும்?

சைலன்சருக்கு அருகில்தான் குறைவு மிக வேகமாக இருக்கும் என்பதால், முதல் சில பத்து மீட்டர் தரும் பயன் அதற்கடுத்த நூறு மீட்டர் தருவதைவிடப் பெரிது. கரி சுமார் 150 முதல் 300 மீட்டருக்குள் ஊர்க்காற்றின் அளவுக்கு இறங்கிவிடும். வாயு இன்னும் சற்றுத் தூரம் பரவும், ஏனெனில் சைலன்சரிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு, காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து போகிற வழியிலேயே நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறிக்கொண்டிருக்கும். பழ வியாபாரி முந்நூறு மீட்டர் தள்ளிப் போனால் வாங்க ஆள் இருக்காது; அது எனக்கும் தெரியும். அதனால் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வண்டிகள் நின்று கிளம்பும் கோட்டிலிருந்து விலகுங்கள். நின்ற வண்டியை முதல் கியரில் இழுக்கும்போதுதான் டீசல் எஞ்சின் அதிகக் கரியைத் துப்புகிறது. சிக்னலைத் தாண்டி, வண்டிகள் ஓட்டம் பிடித்தபின் வரும் இடமோ, குறுக்குச் சந்தின் முதல் பத்துப் பதினைந்து மீட்டரோ மேல்.

இரண்டாவது, பலர் எதிர்பார்க்காத ஒன்று. இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் உள்ள தெருவில், காற்று குறுக்கே வீசும்போது அது மாடிகளுக்கு மேலாகச் சென்று எதிர்ச்சுவரில் மோதிக் கீழே இறங்கி, தரையில் திரும்பி ஓடும். மேல மாசி வீதி, கீழ மாசி வீதி போல வடக்கு தெற்காகச் செல்லும் தெருவில் ஆடி மாதத்து மேல்காற்று அடித்தால், தரைமட்டத்தில் புகை மேற்குப் பக்கக் கடைகளை நோக்கித்தான் வரும். காற்று மேற்கிலிருந்து வருகிறது, நம் பக்கம் சுத்தமாக இருக்கும் என்று மேற்கு ஓரத்தில் நிற்பவர் ஏமாந்துபோவார். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி இடுப்பளவில் பிடித்தால் உங்கள் ஓரத்தில் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். மார்கழி விடியலில் காற்றே அசையாமல் புகை தரையோடு படிந்து கிடக்கும். அப்போது எந்த ஓரமும் ஒன்றுதான்.

துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாதா?

தூசியில் ஒரு பங்கு நிற்கும். புகைக்கரி துணியின் இழை இடைவெளியில் தாராளமாக நுழைந்துவிடும். ஈரத் துண்டும் அப்படித்தான். என்-95 முகக்கவசம் கரியைப் பிடிக்கும். ஆனால் அது ஓரங்களில் காற்றுப் புகாமல் முகத்தோடு ஒட்ட வேண்டும்; தாடி இருந்தால் ஒட்டாது. எந்தத் துகள் கவசமும் நைட்ரஜன் டை ஆக்சைடைத் தடுக்காது. வெயிலில் ஆறு மணி நேரம் அதை அணிந்து வியாபாரம் பேசுவதும் நடைமுறைக்கு ஒத்துவராது. நெரிசல் மிகுந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் அணிவது செய்யக்கூடியது.

தினமும் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் புகை இறங்கிவிடும் என்கிறார்களே?

தின்பது உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குப் போகிறது. கரி இருப்பது மூச்சுக்குழாயில். இரண்டும் தொண்டையிலேயே பிரிந்துவிடுகின்றன. தொண்டைக் கரகரப்புக்கு இதமாக இருக்கலாம், அவ்வளவுதான்.

என் வண்டி புகைச் சோதனையில் பாஸ் ஆகிவிட்டது. அப்படியானால் என்னால் யாருக்கும் கெடுதல் இல்லையே?

டீசல் வண்டிக்குச் செய்யும் சோதனை, நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து, வரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்ப்பது மட்டுமே. நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் அதில் அளக்கப்படுவதில்லை. பாஸ் ஆனபின் ஏர் ஃபில்டர் அடைத்தாலோ, நாசில் ஒழுகினாலோ, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினாலோ கறுப்புப் புகை திரும்ப வரும். மைலேஜ் குறைவதும் மேட்டில் இழுவை குறைவதும் அதன் கூடவே வரும் அடையாளங்கள். வண்டியிலிருந்து இறங்கி ஆள் கூப்பிடும் நேரத்தில் எஞ்சினை நிறுத்திவைத்தால் முதலில் பயனடைவது ஸ்டாண்டில் வரிசையில் பின்னால் நிற்கும் ஓட்டுநர்தான்.

பம்ப் எடுக்கச் சொல்கிறார்கள். பழகிப் போய்விடுமா? தொழிலை விட்டால்தான் சரியாகுமா?

அடிமையாக்கும் பொருள் பம்பில் இல்லை. ஆனால் இரண்டு வகைப் பம்புகளைக் குழப்பிக்கொள்வது மிகப் பெரிய சிக்கல். ஒன்று சுருங்கிய குழாயைச் சில நிமிடங்களில் திறப்பது. மற்றொன்று உட்சுவரின் வீக்கத்தைப் பல நாட்களில் வற்றச் செய்யும் ஸ்டீராய்டு. உடனே சுகம் தருவதால் முதல் வகையை மட்டும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்பவர்கள் அதிகம். வீக்கம் அப்படியே இருக்க, திறப்பதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வது ஆபத்தானது என்பதால், ஆஸ்துமாவுக்கு அதை மட்டும் தனியே கொடுக்க வேண்டாம் என்று 2019 முதல் உலகளாவிய வழிகாட்டுதலே சொல்கிறது. ஸ்டீராய்டு பம்ப் எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

சரியாகுமா என்பது எந்த நோய் என்பதைப் பொறுத்தது. பம்ப் கொடுத்தபின் ஊதும்போது ஒரு நொடிக் காற்று 12 விழுக்காடும் 200 மில்லி லிட்டரும் கூடினால் குழாய் திறக்கக்கூடிய நிலையில் இருக்கிறது, ஆஸ்துமா என்று நினைக்கலாம். பம்புக்குப் பிறகும் அந்த ஒரு நொடிக் காற்று, ஊதிய மொத்தக் காற்றில் பத்தில் ஏழு பங்குக்குக் கீழேயே நின்றால் அது நாள்பட்ட அடைப்பு நோய். இழந்ததில் பெரும்பகுதி திரும்பாது, மேலும் இழப்பதைக் குறைக்கலாம். முதல் நிலையில் இருப்பவர் தொழிலை விடாமலே இடத்தையும் நேரத்தையும் மாற்றி, மருந்தை ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். நம் பழ வியாபாரி ஸ்டீராய்டு பம்பைத் தொடங்கிய அதே வாரத்தில் வண்டியையும் சந்துக்குள் அறுபது மீட்டர் தள்ளிப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஏற்ற இறக்கம் 9 விழுக்காட்டுக்கு வந்தால், அதில் எது எவ்வளவு உதவியது என்று சொல்ல முடியாது. ஆய்வாளருக்கு அது குறை, அவருக்குக் குறையில்லை.

பேச்சை முடிக்க முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பம்ப் எடுத்தும் சற்று நேரத்தில் அடங்காவிட்டாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். எதற்கும் முன்பாக ஒன்று: இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால், அது புகையால் வந்தது என்று நீங்கள் எவ்வளவு உறுதியாக நினைத்தாலும், அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்யும் காசநோய்ச் சளிப் பரிசோதனையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.